நினைவுக் குறிப்பில் காலமும் பார்வையும் தடுமாறும் இடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி

சொந்த வாழ்க்கையை எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், முதல் முறையாக எழுதுகிறவர்கள். ஒற்றுப் பிழைகளை யாராவது திருத்திக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் “படிக்கும்போது எங்கோ இடறுகிறது, எங்கே என்று தெரியவில்லை” என்று சொல்லி ஒரு அத்தியாயத்தைக் கொண்டுவந்தால், பத்தில் எட்டு முறை காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். வினைகள் ஒரு காலத்தில் நிற்காமல் தாவியிருக்கும். அல்லது கதையைப் பார்க்கிற கண் இடம் மாறியிருக்கும்.

கீழே உள்ள பகுதி, பல கைப்பிரதிகளில் பார்த்த பிழைகளை ஒன்றாகச் சேர்த்து நானே எழுதியது. 1977 நவம்பரில் திருச்சியை வெள்ளம் சூழ்ந்த நாளை, அப்போது ஒன்பது வயதாக இருந்த ஒருவர் இப்போது எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு வசதியாக வாக்கியங்களுக்கு எண் போட்டிருக்கிறேன்.

1. அன்று காலையிலிருந்தே மழை விடவில்லை.
2. அப்பா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
3. மழை என்றால் எப்போதும் வாசலுக்கு வந்துவிடுவார்.
4. சாக்கடை நிரம்பித் தண்ணீர் படியேறுகிறது.
5. அம்மா அரிசி டின்னைப் பரணில் ஏற்றினாள்.
6. கடனில் வாங்கிய தையல் மெஷினை நினைத்து அவளுக்கு வயிறு கலங்கியது.
7. நான் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருக்கிறேன்.
8. தண்ணீர் ஏறுகிறது, எல்லாரும் மாடிக்குப் போங்கள் என்றார் அப்பா.
9. நாம் எல்லோரும் மொட்டை மாடியில் ஏறி நின்றோம்.
10. பக்கத்து வீட்டுப் பாட்டியும் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார். தன் பேரன் வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது.
11. தண்ணீர் எப்போது வடிந்தது என்று தெரியவில்லை.
12. விடிந்ததும் அம்மா எல்லோருக்கும் அவல் கொடுத்தார்.
13. இன்றும் மழை என்றால் எனக்குப் பயம்.

ஒருமுறை படித்தால் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்றுதான் தோன்றும். எழுதியவருக்கு இன்னும் அதிகமாகத் தோன்றும், ஏனென்றால் அவர் மனதில் அந்த நாள் முழுசாக இருக்கிறது. அதனால்தான் மொத்தமாகப் படிக்காமல், வேலையை இரண்டு சுற்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் காலம் மட்டும், இரண்டாவதில் பார்வை மட்டும். இரண்டையும் ஒரே சுற்றில் பார்த்தால் இரண்டுமே பாதி பாதி தப்பிவிடும். ஓர் அத்தியாயத்தை அச்செடுத்துக்கொண்டு, ஒரு உட்காரலில் மூன்று நான்கு பக்கம் பார்த்தால் போதும். அதற்கு மேல் கண் கதைக்குள் போய்விடும்.

முதல் சுற்று: வாக்கியத்தின் கடைசிச் சொல்

தமிழில் இந்த வேலைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வாக்கியத்தை முடிக்கிற வினை பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்கும். பென்சிலை எடுத்து ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முன்னால் இருக்கிற வினையை மட்டும் அடிக்கோடிடுங்கள். நடுவில் வருகிற ‘நின்று’, ‘நிரம்பி’, ‘நினைத்து’ போன்ற எச்சங்களைத் தொட வேண்டாம். ‘வாங்கிய’, ‘வருகிற’ போன்றவற்றையும் விட்டுவிடுங்கள். அவை முடிக்கிற வினையை ஒட்டித்தான் காலத்தைக் காட்டும். ‘தாளிக்கிற வாசனை வந்தது’ என்பதில் ஒரு குற்றமும் இல்லை. வாசனை வந்தபோது தாளித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். இதைப் பிழை என்று நினைத்து ‘தாளித்த வாசனை வந்தது’ என்று மாற்றினால் தாளித்து முடித்தபின் வந்த வாசனை ஆகிவிடும்.

அடிக்கோடிட்டதும் ஓரத்தில் ஒரு எழுத்து போடுங்கள். நடந்து முடிந்ததற்கு ‘ந’. வழக்கமாக நடந்ததற்கு ‘வ’. எழுதுகிற இந்த நேரத்தைச் சேர்ந்ததற்கு ‘எ’. நிகழ்கால வினை, ஆனால் எழுதுகிற நேரம் அல்ல என்றால் ஒரு கேள்விக்குறி. நினைவுக் குறிப்பில் இந்த மூன்று அடுக்குகளும் இருப்பது இயல்பு. அடுக்கு மாறுவது பிழை அல்ல. மாறுகிறது என்று வாசகருக்குச் சொல்லாமல் மாறுவதுதான் பிழை.

நம் பகுதியில் 2, 5, 6, 9, 10 (அதன் முதல் பாதி), 12 எல்லாம் ‘ந’. அப்படியானால் இந்த அத்தியாயத்தின் தரை இறந்தகாலம். இதை முதலிலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “தரை: இறந்தகாலம்”. இனி எது வந்தாலும் இதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு.

மூன்றாவது வாக்கியத்தில் ‘வந்துவிடுவார்’ என்று எதிர்கால வடிவம் இருக்கிறது. புதிதாகத் திருத்துகிறவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். கைவைக்கக் கூடாது. பழைய நாளில் வழக்கமாக நடந்ததைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம்: “தாத்தா நாலு மணிக்கே எழுந்துவிடுவார், கிணற்றடியில்தான் குளிப்பார்.” நன்னூல் ‘கால வழுவமைதி’ என்று ஒரு கணக்கே வைத்திருக்கிறது, விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று அது இடம் கொடுக்கிறது. அதேபோல முக்காலத்துக்கும் பொதுவான ஒன்றை நிகழ்காலத்தில் சொல்லலாம் என்பதும் அங்கே உண்டு. வெள்ளத்தைப் பற்றிய பத்தியின் நடுவே “மலைக்கோட்டை ஊருக்கு நடுவில் நிற்கிறது” என்று வந்தால் அது பிழையல்ல. கோட்டை அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது.

வழக்கத்தில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ‘வ’ வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது கை பழகிப்போய், அன்று ஒருநாள் மட்டும் நடந்ததையும் அதே வடிவத்தில் எழுதிவிடும். “மழை என்றால் அப்பா வாசலுக்கு வருவார். நாற்காலி போட்டு உட்காருவார். தண்ணீர் படியைத் தொட்டதும் எழுந்து அம்மாவைக் கூப்பிடுவார்.” கடைசி வாக்கியம் ஒவ்வொரு மழைக்கும் நடந்ததா, வெள்ளத்தன்று மட்டுமா? கண்டுபிடிக்க எளிய வழி, வாக்கியத்தின் முன்னால் ‘எப்போதும்’ என்று போட்டுப் படிப்பது. ‘எப்போதும் நாற்காலி போட்டு உட்காருவார்’ சரியாக இருக்கிறது. ‘எப்போதும் தண்ணீர் படியைத் தொட்டதும்’ என்பது ஒட்டவில்லை. ஒட்டாத இடத்தில் ‘அன்று’ என்ற சொல்லைப் போட்டு வினையை ‘கூப்பிட்டார்’ என்று மாற்றுங்கள்.

இப்போது கேள்விக்குறிகள். நான்காவதில் ‘படியேறுகிறது’, ஏழாவதில் ‘விட்டுக்கொண்டிருக்கிறேன்’. சுற்றிலும் இறந்தகாலம் இருக்க, இரண்டும் தனியாக நிகழ்காலத்தில் நிற்கின்றன. இரண்டையும் ‘படியேறியது’, ‘விட்டுக்கொண்டிருந்தேன்’ என்று மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் நான் உடனே மாற்றமாட்டேன். இப்படித் தானாக நிகழ்காலம் வந்து விழுகிற இடங்கள் பெரும்பாலும் எழுதுகிறவர் கண்முன்னே காட்சியைப் பார்த்துக்கொண்டு எழுதிய இடங்கள். அவரைக் கேட்டால் தண்ணீரின் நிறம், அதில் மிதந்து வந்த செருப்பு என்று இன்னும் நாலு விஷயம் சொல்வார். அப்படியானால் அந்தக் காட்சியை முழுப் பத்தியாக விரித்து, அந்தப் பத்தி முழுவதையும் நிகழ்காலத்தில் வைக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: காட்சி புதுப் பத்தியில் தொடங்க வேண்டும், பத்தி முடிவதற்குள் உள்ளே இருக்கிற ஒரு வினைகூடப் பழைய காலத்துக்குத் திரும்பக் கூடாது. நடுவில் ஒற்றை வாக்கியம் மட்டும் நிகழ்காலத்தில் நின்றால், எத்தனை அழகாக இருந்தாலும் வாசகர் அதைத் தட்டச்சுப் பிழையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

எட்டாவதில் ‘ஏறுகிறது’ இருக்கிறதே? அது அப்பா பேசியது. ‘என்றார்’, ‘என்று நினைத்தேன்’ ஆகியவற்றுக்கு முன்னால் வருகிற வினை பேசியவரின் நேரத்தைச் சேர்ந்தது, மேற்கோள் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். “தண்ணீர் ஏறியது என்றார்” என்று மாற்றினால் அர்த்தமே கெட்டுவிடும். ‘என்று’, ‘என’, ‘என்ற’ இருக்கிற வாக்கியங்களில் அவற்றுக்கு இடப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வலப்பக்கத்து வினையை மட்டும் பாருங்கள்.

கணினியில் எழுதியிருந்தால் கண்ணுக்குத் துணையாகத் தேடல் பெட்டியில் ‘கிற’ என்று போட்டுத் தேடலாம். கிறார், கிறேன், கிறது எல்லாம் வந்துவிடும். ‘கின்ற’ என்று இன்னொரு முறை தேட வேண்டும். சில செயலிகளில் கிறிஸ்துமஸும் கிறுக்கனும் சேர்ந்து வருவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். சில செயலிகள் முழு எழுத்தாகத்தான் ஒப்பிடும். அங்கே ‘கிறா’, ‘கிறே’, ‘கிறோ’, ‘கிறீ’, ‘கிறது’ என்று தனித்தனியாகப் போட வேண்டும்.

தேடலில் சிக்காத ஒன்று இருக்கிறது. எதிர்மறை வினைகளில் பல, காலத்தை வெளியே காட்டுவதில்லை. ‘வரவில்லை’ நேற்றைக்கும் பொருந்தும், இப்போதைக்கும் பொருந்தும். முதல் வாக்கியத்தில் ‘மழை விடவில்லை’ குழப்பவில்லை. ‘அன்று’ என்ற சொல் அதைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறது. பதினொன்றாவதைப் பாருங்கள்: “தண்ணீர் எப்போது வடிந்தது என்று தெரியவில்லை.” ஒன்பது வயதுக் குழந்தை தூங்கிப்போனதால் அன்று தெரியவில்லையா? எழுதுகிறவருக்கு இன்று நினைவில்லையா? இரண்டும் இரண்டு கதை. ‘தெரியாது’, ‘தெரியவில்லை’, ‘புரியவில்லை’, ‘ஞாபகம் இல்லை’ இந்த நாலும் நினைவுக் குறிப்பில் அடிக்கடி வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘அப்போது’, ‘இன்றுவரை’ இரண்டில் எது பொருந்தும் என்று கேட்டு, சூழலே சொல்லாவிட்டால் அதை எழுதிவிடுங்கள். வினையே இல்லாத வாக்கியங்களும் இப்படித்தான். பதின்மூன்றாவதில் ‘எனக்குப் பயம்’ என்று வினையில்லாமல் முடிகிறது, ஆனால் ‘இன்றும்’ இருப்பதால் அது தெளிவாக ‘எ’.

இரண்டாவது சுற்று: யார் கண்

முடிந்தால் ஒரு நாள் இடைவெளி விட்டு, புதிய பிரதியில் தொடங்குங்கள். துண்டுத்தாளில் இப்போது வேறு ஒரு வரி: “பார்ப்பது: ஒன்பது வயதுச் சிறுமி. சொல்வது: இன்றைய நான்.” தன் கதையில் இந்த இரண்டு பேருக்குத்தான் அனுமதி. சிறுமி பார்த்தது, கேட்டது, தொட்டது வரலாம். இன்றைய நான் பிற்பாடு தெரிந்துகொண்டது வரலாம். மூன்றாவது ஆள் யாராவது நுழைந்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

முதலில் தேட வேண்டியது, பிறருடைய உணர்வு. தமிழில் அது ‘அவளுக்கு’, ‘அப்பாவுக்கு’ என்ற வடிவில் வரும்: அவளுக்கு வயிறு கலங்கியது, அப்பாவுக்கு வருத்தம், தாத்தாவுக்குப் பிடிக்காது. பேச்சில் நாம் இதில் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்போம். அடுத்தவருக்கு என்றால் ‘தலை வலிக்கிறதாம்’, ‘வலிக்கிறது போல’ என்போம். எழுத உட்கார்ந்ததும் இந்த ‘ஆம்’, ‘போல’ எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன.

ஆறாவது வாக்கியம் அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. கூடவே, மெஷின் கடனில் வாங்கியது என்பதும் ஒன்பது வயதுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்க வேண்டும். எழுதியவரிடம் ஒரே கேள்வி: “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” பதில் மூன்று வகையில் வரலாம். அம்மா முகத்தைப் பார்த்தேன் என்றால், முகத்தை எழுதுங்கள். பிற்பாடு அம்மாவே சொன்னாள் என்றால், சொன்னதை எழுதுங்கள். இருந்திருக்கும் என்று நினைக்கிறேன் என்றால் அந்த நினைப்பை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். இப்படி: “அம்மா டின்னை ஏற்றிவிட்டுத் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது கடனில் வாங்கியது என்று எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும்.” வயிறு கலங்கியதைச் சொல்லாமலே வாசகருக்குக் கலங்குகிறது. எல்லா இடத்திலும் ‘ஆம்’ ஒட்டவைக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் ஊர்வம்பு போலத் தொனிக்கும்.

பத்தாவது வாக்கியத்தில் இரண்டு சிக்கல்கள். பேரன் வழியில் மாட்டிக்கொண்டது பாட்டிக்குத் தெரியாது. சிறுமிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? இன்றைய நான்தான் பேசுகிறார், ஆனால் அவர் குரல் கேட்கவில்லை. குரலைக் கேட்க வைக்க ஒரு நேரச் சொல் போதும்: “அவருடைய பேரன் அப்போது வழியில் மாட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் வரை அது எங்களில் யாருக்கும் தெரியாது.” இன்னொன்று ‘போய்ச் சேர்ந்தார்’. ஒன்பதாவது வாக்கியத்திலேயே நாம் மாடிக்கு வந்துவிட்டோம். பார்க்கிற கண் மாடியில் இருக்கும்போது பாட்டி ‘வந்து’ சேர வேண்டும். ‘போய்’ என்றதும் கண் கீழே தெருவுக்கு இறங்கிவிடுகிறது. வா, போ இரண்டையும் வட்டமிட்டு, அந்த நேரத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று பாருங்கள். இங்கே, அங்கே என்பவற்றில் இவ்வளவு கறார் வேண்டாம். எழுதுகிற மேசையிலிருந்து பார்த்து ‘அங்கே’ என்று சொல்வது எழுத்தில் பழக்கமானதுதான்.

ஒன்பதாவதில் ‘நாம்’. இது வாசகரையும் சேர்த்துக்கொண்டு மாடியேறுகிறது. நடந்ததைச் சொல்லும்போது வீட்டார் என்றால் ‘நாங்கள்’. வாசகரோடு பேசும்போது, ‘நாம் எல்லோரும் ஏதோ ஒரு மழையை மறக்கமாட்டோம்’ என்பது போன்ற இடத்தில் மட்டும் ‘நாம்’. பேச்சில் இந்த வேறுபாட்டைக் குழந்தைகூடத் தவறவிடாது. எழுத்தில், மேடைப் பேச்சின் பழக்கமோ என்னவோ, ‘நாம்’ எங்கும் நுழைந்துவிடுகிறது.

கடைசியாக, மரியாதை விகுதி. ஐந்தாவதில் அம்மா ‘ஏற்றினாள்’, பன்னிரண்டாவதில் அதே அம்மா ‘கொடுத்தார்’. அச்சுக்குப் போகும் முன் “அம்மாவை அவள் இவள் என்று எழுதலாமா” என்று யாரோ சொல்லி, பாதியில் மாற்ற ஆரம்பித்து மறந்துபோன கைப்பிரதிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். எது சரி என்று நான் சொல்லப்போவதில்லை. அது அந்த வீட்டு வழக்கம். ஆனால் ‘ஏற்றினாள்’ என்கிறபோது அம்மாவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற சிறுமி தெரிகிறாள், ‘கொடுத்தார்’ என்கிறபோது சபையில் பேசுகிற பெரியவர் தெரிகிறார். ஒரே அத்தியாயத்தில் இருவரும் மாறி மாறி வந்தால் பார்வை தடுமாறியதாகத்தான் தோன்றும். ஒவ்வொரு ஆளுக்கும் துண்டுத்தாளில் ஒரு வரி போடுங்கள்: அப்பா — ஆர், அம்மா — ஆள், பாட்டி — ஆர். பெயர்களுக்கும் இதே கணக்கு. ‘அம்மா’ திடீரென்று ‘என் தாயார்’ ஆகிறாரா, ‘அப்பா’ நடுவில் ‘தந்தை’ ஆகிறாரா என்று பாருங்கள்.

இரண்டு சுற்றும் முடிந்தபின், காட்சியை விரிக்காமல் இறந்தகாலத்திலேயே வைத்துக்கொண்டால் பகுதி இப்படி ஆகிறது:

*அன்று காலையிலிருந்தே மழை விடவில்லை. அப்பா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை என்றால் எப்போதும் வாசலுக்கு வந்துவிடுவார். அன்று சாக்கடை நிரம்பித் தண்ணீர் படியேறியது. அம்மா அரிசி டின்னைப் பரணில் ஏற்றிவிட்டுத் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது கடனில் வாங்கியது என்று எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். நான் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஏறுகிறது, எல்லாரும் மாடிக்குப் போங்கள் என்றார் அப்பா. நாங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்றோம். பக்கத்து வீட்டுப் பாட்டியும் வந்து சேர்ந்தார். அவருடைய பேரன் அப்போது வழியில் மாட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் வரை அது எங்களில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் எப்போது வடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தூங்கிப்போயிருந்தேன். விடிந்ததும் அம்மா எல்லோருக்கும் அவல் கொடுத்தாள்.*

*இன்றும் மழை என்றால் எனக்குப் பயம்.*

கடைசி வாக்கியத்தைத் தனிப் பத்தியாக்கியிருக்கிறேன், அடுக்கு மாறுவதால். ‘பத்து வருஷம் கழித்து’, ‘மறுநாள் வரை’ ஆகிய இரண்டும் நான் போட்டவை. உங்கள் கைப்பிரதியில் இப்படி ஒன்றைத் திருத்துகிறவர் போட்டிருந்தால், அது நடந்தபடிதானா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘ஆறு வருஷம்’ என்றால் ஆறு என்று மாற்றிவிடுங்கள். பேரன் அன்று இரவே வந்துவிட்டான் என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.